பால் அளக்கும் புதியவர்களுக்கு ஒரு நாட் பயிற்சி: நேரம், படம், கைவேலை

காணி இல்லாவிட்டாலும் ஒரு மாடு வைத்திருக்கலாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதிலுமிருந்தும் வெளியேறியவர்களில் பலர் இதை அனுபவத்தில் அறிவார்கள். தோட்டத்தையும் கிணற்றையும் விட்டு வந்த குடும்பம் ஒன்று, இன்னொருவரின் வளவில் கொட்டில் போட்டு, ஒரு பசுவின் பாலை விற்று அரிசிக்கும் கொப்பிக்கும் வழி பார்க்கும். அந்தப் பாலை நாள்தோறும் ஏற்பவரோ மறுப்பவரோ சேகரிப்பு நிலையத்தில் நிற்கும் ஒரு பிள்ளைதான். பெரும்பாலும் நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. அந்தப் பிள்ளையை எப்படிப் பழக்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் விட்ட பிழையிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பால் சங்கம் புதிதாக எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு ஒரு நாட் பயிற்சிப் பட்டறை நடத்தும்படி என்னைக் கேட்டது. நான் முப்பத்திரண்டு சிலைட்டுகள் தயாரித்தேன். பாலில் என்னென்ன சத்து உண்டு, அடர்த்தி என்றால் என்ன, கிருமிகள் எப்படிப் பெருகும் என்று காலை முதல் பேசினேன். பின்னேரம் மூன்று மணிக்குப் பால்மானியை எடுத்தபோது அரை மணி நேரமே மிஞ்சியிருந்தது. நானே ஒரு தரம் அளந்து காட்டினேன். "விளங்கிச்சுதோ?" என்று கேட்டேன். எட்டுப் பேரும் "ஓம்" என்றார்கள்.

அடுத்த வாரம் அந்த எட்டுப் பேரில் ஒருவர், நலன்புரி நிலையத்திலிருந்து நாலு லீற்றர் பால் கொண்டுவந்த ஒரு தாயைத் திருப்பி அனுப்பினார். பால்மானி 26 காட்டியதாம். 28க்குக் குறைந்தால் தண்ணீர் கலந்த பால் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் அந்தப் பால் கறந்த சூட்டோடு வந்த பால். அதன் வெப்பநிலை 86 பாகை பரனைற். சூட்டுக்குரிய கணக்கைச் சேர்த்திருந்தால் 28.6 வந்திருக்கும். அது நல்ல பால். அந்தக் கணக்கும் என் சிலைட்டில் இருந்தது, இருபத்தேழாவதாக. கண்டவர் எவருக்கும் அது நினைவில்லை. அந்தத் தாய்க்கு அன்றைய வருமானம் போனது. அதைவிட, ஊர் நடுவே "தண்ணி விட்டவள்" என்ற பெயரும் வந்தது. பிழை அந்தப் பிள்ளையுடையதல்ல, பயிற்சித் திட்டத்தை எழுதிய என்னுடையது.

ஒரு முடிச்சு சொல்லும் பாடம்

அதன் பின்னர்தான் பிற இடங்களில் புதியவர்களை எப்படிப் பழக்கினார்கள் என்று தேடிப் பார்த்தேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940இல், அமெரிக்காவில் தொழிலகப் பயிற்சிக்கென ஓர் அரச சேவை தொடங்கப்பட்டது. ஆலைகளுக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் அதுவரை ஆலையையே காணாதவர்கள். அவர்களை விரைவில் பழக்க வேண்டும். அதற்காக முதலாம் உலகப்போரில் கப்பல் கட்டுவோரைப் பழக்கிய சார்ள்ஸ் அலன் என்பவரின் நான்கு படி முறையை எடுத்துச் செப்பனிட்டார்கள். பழக்குபவர்களுக்கான அந்தப் பயிற்சி மொத்தம் பத்து மணித்தியாலம். இரண்டு மணி வீதம் ஐந்து அமர்வு. ஓர் அமர்வில் ஏறத்தாழப் பத்துப் பேர் மட்டும்.

முதல் அமர்வில் பயிற்றுநர் ஒரு முடிச்சை எடுப்பார். விளக்குகளின் உள்ளே, வயரை இழுத்தாலும் இணைப்புக் கழராமல் இருக்க மின்வேலைக்காரர் போடும் முடிச்சு அது. ஒருவரை முன்னே அழைத்து, அதை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொல்வார். வந்தவரால் போட முடியாது. பிறகு இன்னொருவரை அழைத்துப் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அவராலும் முடியாது. மூன்றாவதாக வந்தவருக்கு நான்கு படியில் கற்பிப்பார். முதலில் அவரை ஆயத்தப்படுத்துவார். அடுத்து ஒவ்வொரு படியாகச் செய்து காட்டி, அந்தப் படியில் கவனிக்க வேண்டியதையும் சொல்வார். பின்னர் அவரையே செய்ய விட்டு, செய்யும்போது சொல்லவும் வைப்பார். கடைசியாக, அவரைத் தனியே விட்டு இடையிடையே வந்து பார்ப்பார். மூன்றாமவர் முடிச்சைப் போடுவார். வேலை கற்பவர் கற்கவில்லையென்றால், கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பதே அவர்களின் கொள்கை.

என் முப்பத்திரண்டு சிலைட்டுகளும் அந்த முதலாவது ஆளுக்குச் சொன்ன வாய்ப்பேச்சுத்தான். அரை மணி நேரச் செய்முறை இரண்டாவது ஆளுக்குக் காட்டியதுதான். மூன்றாவது படிக்கு நான் நேரமே ஒதுக்கவில்லை.

முதலில் எழுத வேண்டியது கடைசி வரி

திட்டம் எழுதும்போது காலை எட்டு மணியிலிருந்து தொடங்கக் கூடாது. பின்னேரம் நான்கு மணிக்கு ஒவ்வொருவரும் எதைத் தனியே செய்துகாட்ட வேண்டும் என்பதை முதலில் எழுத வேண்டும். "பாலின் தரம் பற்றி அறிந்திருப்பார்" என்று எழுதினால் அதைச் சோதிக்க முடியாது. நாங்கள் பின்னர் எழுதியது மூன்று வரிகள். தெரியாத ஒரு பாலைக் கொடுத்தால் அதன் சூட்டையும் பால்மானி அளவையும் எடுத்து, திருத்திய அளவை எழுதுவார். கொதிக்க வைக்கும் சோதனையைச் செய்து, திரைந்ததா இல்லையா என்று சொல்வார். பாலைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், கொண்டுவந்தவரைக் குற்றவாளியாக்காமல் காரணம் சொல்வார். இந்த மூன்றுக்கும் உதவாத எதுவும் அன்றைய நிகழ்ச்சியில் இடம்பெறாது. கிருமிகளைப் பற்றிய பேச்சு இன்னொரு நாளுக்குப் போகும்.

அடுத்து, வேலையைப் படிகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு தாளின் நடுவே கோடு கீறி, இடப்பக்கம் படியையும் வலப்பக்கம் அந்தப் படியில் பிசகக்கூடிய இடத்தையும் எழுத வேண்டும். இதை ஞாபகத்திலிருந்து எழுதினால் பாதி விடுபட்டுப் போகும். பழகிய ஒருவரை அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று எழுத வேண்டும். எங்கள் தாள் இப்படி அமைந்தது:

1. பால்மானியின் கடதாசியில் குறித்துள்ள வெப்பநிலையைப் பார்த்தல். சிலவற்றில் 60 பாகை பரனைற் என்றிருக்கும், சிலவற்றில் 84 என்றிருக்கும். திருத்தக் கணக்கு இதைப் பொறுத்தது.
2. பாலைக் கலக்குதல். கறந்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். மேலே ஏறிய ஆடை கலக்க வேண்டும், ஆனால் நுரை எழக் கூடாது.
3. அளவுச்சாடியில் ஊற்றுதல். சாடியைச் சரித்து, உட்சுவரோடு வழிய விட வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் நுரை வழிந்து போகும்.
4. பால்மானியை இறக்குதல். போடக் கூடாது, மெல்லத் தாழ்த்திச் சற்றே சுழற்றி விட வேண்டும். சுவரில் ஒட்டிக்கொண்டால் அளவு பிழைக்கும்.
5. அளவைப் பார்த்தல். நின்றபடி குனிந்து பார்க்கக் கூடாது. கண்ணைப் பால் மட்டத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும்.
6. உடனே வெப்பமானியை வைத்துச் சூட்டைப் பார்த்தல். இரண்டு எண்ணையும் அப்போதே எழுத வேண்டும்.
7. திருத்திய அளவைக் கணித்து எழுதுதல்.

ஏழு படிகளுக்கு மேல் போனால் ஒரே இருப்பில் பழக்க முடியாது. அப்போது வேலையை இரண்டாக வெட்ட வேண்டும். அதனாற்றான் கொதிக்க வைக்கும் சோதனையை வேறொரு தாளில் எழுதினோம்.

நேரத்தைக் கருவிதான் தீர்மானிக்கிறது

நேரத்தை ஆளாளுக்கு விருப்பப்படி பிரிக்க முடியாது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. புதியவர் ஒருவர் ஒரு தரம் அளந்து எழுத ஏறத்தாழ எட்டு நிமிடம் எடுக்கும். கை பழக ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று தரம் செய்ய வேண்டும். எட்டுப் பேர், மூன்று தரம், எட்டு நிமிடம் என்றால் மொத்தம் 192 நிமிடம். பால்மானி ஒன்றே ஒன்று இருந்தால் மூன்று மணிக்கு மேல் போகும், ஒருவர் அளக்க ஏழு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நான்கு பால்மானிகள் இருந்தால் நான்கு சோடிகளாகப் பிரிக்கலாம். அதே வேலை 48 நிமிடத்தில் முடியும். சோடியில் ஒருவர் அளக்கும்போது மற்றவர் படித்தாளைக் கையில் வைத்து, விடுபட்ட படியைச் சொல்வார். பிழை திருத்தவும் சாடி கழுவவும் நேரம் வேண்டும் என்பதால் 90 நிமிடம் ஒதுக்கினோம்.

ஆகவே திட்டத்தின் முதல் வேலை, பக்கத்து நிலையங்களில் கேட்டு நான்கு பால்மானிகளைச் சேர்ப்பது. ஐந்தாவது ஒன்றும் வேண்டும். அது கண்ணாடி, ஒன்றாவது உடையும். நான்கு கிடைக்காவிட்டால் ஆட்களைக் குறைத்து, நாலு நாலு பேராக இரண்டு நாள் வைப்பது நல்லது.

பொருள்களை முதல் நாளே ஆயத்தப்படுத்த வேண்டும். முதல் நாட் பின்னேரக் கறவையில் ஒரு போத்தல் பாலை வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் மதியத்தில் அது திரையும் பாலுக்கு எடுத்துக்காட்டாகும். அன்று காலைப் பாலில் ஆறு லீற்றர் வாங்க வேண்டும். மீன் சந்தையில் ஐஸ் வாங்கி ஒரு பெட்டியில் வைத்தால், பின்னேரச் சோதனைக்குரிய பால் பழுதாகாது. அளந்து பழகிய பாலை மறுபடி விற்பனைக் கானுக்குள் ஊற்றவே கூடாது.

அன்றைய நேர அட்டவணை

காலை 7.30: வரவு. கருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்தல்.
8.00: இரண்டு குவளைக் கேள்வி.
8.20: அளக்கும் முறையைச் செய்து காட்டல்.
9.00: சோடி சோடியாக அளத்தல்.
10.30: தேநீர்.
10.45: சூட்டுக் கணக்கு.
11.30: தண்ணீர் கலந்து பார்த்தல்.
12.15: கொதிக்க வைக்கும் சோதனை.
1.00: சாப்பாடு.
1.45: பாலைத் திருப்பும்போது பேசும் முறை, நடித்துப் பார்த்தல்.
2.45: ஒவ்வொருவருக்கும் தனிச் சோதனை.
3.45: நாளை யார் எங்கே என்று சொல்லி முடித்தல்.

கைவேலை எல்லாவற்றிலும் நீளமானதும் முக்கியமானதும் காலையில் வருகிறது. அது தற்செயலல்ல. சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும். அந்த நேரத்துக்கு எழுந்து நின்று பேசும் வேலையை வைத்திருக்கிறோம். நேரம் போதாமற் போனால் எதைக் குறைப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். நாங்கள் குறைப்பது 11.30க்குரிய பகுதியை. அதைப் பயிற்றுநரே செய்து காட்டினால் கால் மணியில் முடியும். 9 மணிப் பகுதியிலும் 2.45 பகுதியிலும் கை வைப்பதில்லை.

இரண்டு குவளைக் கேள்வி

எட்டு மணிக்கு வரவேற்புரைக்குப் பதிலாக மேசையில் இரண்டு குவளைகளை வைக்கிறோம். முதலாவதில், திருத்திய அளவு 30 ஆன நல்ல பால், 86 பாகைச் சூட்டில். இரண்டாவதில் அதே பால் ஒன்பது பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து, ஐஸில் வைத்து 60 பாகைக்குக் குளிரவிட்டது. இரண்டையும் எல்லாரும் பார்க்க அளக்கிறோம். இரண்டும் ஏறத்தாழ 27 காட்டும். "இதில் எதை ஏற்பீர்கள்? எதைத் திருப்பி அனுப்புவீர்கள்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் தாளில் எழுதித் தர வைக்கிறோம். விடை சொல்வதில்லை. பெரும்பாலானோர் இரண்டையும் திருப்புவார்கள், அல்லது இரண்டையும் ஏற்பார்கள். இரண்டு விடையிலும் யாரோ ஒருவருக்கு அநியாயம் நடக்கிறது. இந்தக் கேள்வி மனதில் கிடந்தால்தான் பதினொரு மணிக்கு வரும் கணக்கு உறைக்கும்.

கணக்கு இதுதான். பால்மானி 30 காட்டினால், அந்தப் பாலில் ஒரு லீற்றர் 1030 கிராம் நிறுக்கும் என்று பொருள். தண்ணீர் 1000 கிராம். எனவே தண்ணீர் சேரச் சேர எண் இறங்கும். சூடான பாலும் விரிந்து இலேசாகும், அதனாலும் எண் இறங்கும். 60 பாகைக்கென்று செய்த பால்மானியில், 60க்கு மேலுள்ள ஒவ்வொரு பரனைற் பாகைக்கும் 0.1 கூட்ட வேண்டும். 86இலிருந்து 60 போனால் 26. அதன் பத்திலொன்று 2.6. முதலாம் குவளைக்கு 2.6 கூட்டினால் 30. இரண்டாம் குவளைக்குக் கூட்ட ஒன்றுமில்லை, 27 தான். ஒன்று நல்ல பால், மற்றது தண்ணீர் விட்ட பால்.

இப்போது கிடைக்கும் வெப்பமானிகள் பெரும்பாலும் சதமபாகை காட்டுவதால், கூட்ட வேண்டிய அளவை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிடலாம். 24 பாகைக்கு 1.5, 26க்கு 1.9, 28க்கு 2.2, 30க்கு 2.6, 32க்கு 3.0. இந்த அட்டை 60 பாகை பரனைற் குறித்த பால்மானிக்கு மட்டுமே பொருந்தும். 84 என்று குறித்த கருவியோடு இந்த அட்டையைப் பயன்படுத்தினால், தண்ணீர் கலந்த பாலும் நல்ல பாலாகத் தேறிவிடும். படித்தாளில் முதலாம் படி ஏன் வந்தது என்பது இங்கேதான் புரியும். அத்துடன், 0.1 என்பது அண்ணளவான கணக்கு. 60இலிருந்து தூரம் போகப் போகத் துல்லியம் குறையும். ஐமிச்சமான பாலை, திருப்பி அனுப்புமுன் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆறவிட்டு இன்னொருமுறை அளப்பது கட்டாயம்.

11.30க்கு ஒவ்வொரு சோடியும் 900 மில்லிலீற்றர் பாலில் 100 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு அளக்கிறது. திருத்திய அளவு 30 ஆக இருந்த பால் 27க்கு இறங்குவதைத் தம் கண்ணாலேயே காண்பார்கள். பிறகு ஆடை எடுத்த பாலை அளக்கச் சொல்கிறோம். அது ஏறிக் காட்டும். ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் விட்டால் பால்மானி நல்ல பால் என்றே சொல்லும். அதைப் பிடிக்கக் கொழுப்புச் சோதனை வேண்டும், அது தலைமை நிலையத்தில்தான் செய்ய முடியும். தங்கள் கையிலுள்ள கருவி எதைச் சொல்லாது என்பதும் புதியவருக்குத் தெரிய வேண்டும்.

கொதிக்க வைக்கும் சோதனை எளிது. சோதனைக் குழாயில் ஐந்து மில்லிலீற்றர் பால் விட்டு, கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, எடுத்துச் சரித்துப் பார்க்க வேண்டும். குழாயின் சுவரில் சிறு சிறு கட்டி ஒட்டினால் பால் புளிக்கத் தொடங்கிவிட்டது. முதல் நாட் பால் ஒன்றும் அன்றைய பால் ஒன்றும் பக்கத்தில் வைத்துச் செய்தால் ஒருவருக்கும் மறக்காது. கன்று ஈன்ற முதல் சில நாட் கடும்புப் பாலும் இப்படித் திரையும் என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அது புளித்த பாலல்ல, ஆனால் கானில் சேர்க்கக் கூடாது.

சிலைட் எதற்கு, எதற்கல்ல

முப்பத்திரண்டு சிலைட்டுகள் ஆறாகக் குறைந்தன. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குழாயை எட்டிப் பார்க்க முடியாது. அந்த இடத்தில்தான் பெரிதாக்கிய படம் உதவும். பேசுபவர் தன் ஞாபகத்துக்காகச் சிலைட்டில் வசனம் எழுதினால், கேட்பவர் வாசிப்பார், கேட்க மாட்டார்.

எங்கள் ஆறும் இவை. இரண்டு குவளைகளின் படம், கீழே "27" என்ற எண் மட்டும். பால்மானியின் கழுத்துப் பகுதி, சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, அளவு பார்க்க வேண்டிய இடத்தில் ஓர் அம்புக்குறி. சூட்டுக் கணக்கு அட்டை. திரைந்த குழாயும் திரையாத குழாயும் பக்கம் பக்கமாக. சரியாக நிரப்பிய கொள்வனவுப் புத்தகத்தின் ஒரு பக்கம். கடைசியாக ஏழு படிகள். கைவேலை நடக்கும்போது புரொஜெக்ரரை நிறுத்திவிட வேண்டும். வெளிச்சம் சுவரில் இருக்கும்வரை கண்ணும் சுவரிலேயே இருக்கும்.

குடாநாட்டில் 1990களில் மின்சாரமே இல்லாமல் பயிற்சி நடத்தியவர்கள், பிறிஸ்ரல் அட்டையில் படம் கீறித் தொங்கவிட்டே நடத்தினார்கள். இன்று மடிகணினி இருந்தாலும் அந்த வழக்கத்தை விட வேண்டாம். ஆறு படங்களையும் பெரிய தாளில் அச்சிட்டோ கீறியோ கையில் வைத்திருந்தால், மின்சாரம் நின்றாலும் அட்டவணை நிற்காது. எழுத்தின் அளவைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பயிற்சி நடக்கும் கொட்டிலின் கடைசி வாங்கில் நீங்களே போய் இருந்து வாசித்துப் பாருங்கள்.

பாலைத் திருப்பும்போது

மத்தியானத்துக்குப் பிறகு நடித்துப் பார்க்கிறோம். ஒருவர் பால் கொண்டுவரும் தாய், ஒருவர் பணியாளர், வரிசையில் நிற்கும் ஊரவர்களாக மற்றவர்கள். முதல் தரம் நடிக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"அக்கா, தண்ணி விட்டிருக்கிறியள். எடுக்கேலாது."

"தம்பி, நான் ஒரு சொட்டுத் தண்ணியும் விடேல்லை. என்ன கதை கதைக்கிறாய்?"

அங்கேயே நிறுத்தி, கருவி என்ன சொன்னது என்று கேட்கிறோம். கருவி ஓர் எண்ணைத்தான் சொன்னது. யார், ஏன் என்று அது சொல்லவில்லை. கழுவிய கானில் மிஞ்சிய தண்ணீராயிருக்கலாம். தீனி குறைந்த ஒற்றைப் பசுவின் பால் தானாகவே தாழ்ந்து காட்டவும் கூடும், வரட்சிக் காலத்தில் இது நடக்கும். ஆகவே இரண்டாம் தரம் வேறு விதமாகச் சொல்லப் பழக்குகிறோம்:

"அக்கா, இண்டைக்கு 25 காட்டுது. சூட்டுக்குக் கணக்குக் கூட்டியும் 27 தான் வருது. ஆறவைச்சு உங்களுக்கு முன்னாலயே இன்னொருக்கா அளக்கிறன், நீங்களும் பாருங்கோ. அதுக்கும் குறைஞ்சால், நாளைக்கு விடிய உங்கட கொட்டிலுக்கு வாறன். எனக்கு முன்னால கறவுங்கோ, அங்கயே அளப்பம்."

கொட்டிலில் முன்னிலையில் கறந்து அளப்பது, பாற்றொழிலில் பல நாடுகளிலும் ஏற்றுக்கொண்ட வழக்கம். மாட்டிடமே முறையிடுவது என்பார்கள். அங்கேயும் தாழ்ந்து காட்டினால் பசுவின் தீனியைப் பார்க்க வேண்டும், ஆளைக் குறை சொல்ல இடமில்லை. பால் கொண்டுபோகும் வாசகர்கள் இதை மனதில் வைத்திருங்கள். உங்கள் பால் திருப்பப்பட்டால், சூட்டைப் பார்த்தீர்களா, ஆறவைத்து மறுபடி அளப்பீர்களா, கொட்டிலுக்கு வருவீர்களா என்று மூன்று கேள்வி கேட்கலாம்.

விளங்கியதா என்று எப்படி அறிவது?

"விளங்கிச்சுதோ" என்று கேட்பதால் ஒன்றும் தெரியாது. எங்கள் பிள்ளைகள் பெரியவர் முகத்துக்கு முன்னே "இல்லை" என்று சொல்லிப் பழகாதவர்கள். 2.45க்கு நான்கு பேர் வீதம் இரண்டு முறையாகச் சோதனை நடக்கிறது. இலக்கமிட்ட போத்தல்களில் வெவ்வேறு சூட்டில், சிலவற்றில் தண்ணீர் கலந்து, பால் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் இன்னொருவர் அதை ஆயத்தப்படுத்தி, சரியான அளவை ஒரு தாளில் மூடி வைத்திருப்பார். ஒவ்வொருவரும் ஒரு போத்தலை அளந்து எழுதித் தர வேண்டும். அரைப் பாகைக்குள் இருந்தால் போதும். அதற்குமேல் விலகினால், எந்தப் படியில் பிசகியது என்று செய்ய வைத்துப் பார்க்க வேண்டும். எண் தாழ்ந்தும் சூடு சரியாகவும் இருந்தால் நுரையாக இருக்கும். எண் சரி, விடை பிழை என்றால் கணக்கு. ஒருவருடைய அளவு ஒவ்வொரு தரமும் வேறு வேறாக வந்தால், கண் மட்டத்தில் பார்க்கவில்லை அல்லது பால்மானி சுவரில் ஒட்டுகிறது.

பயிற்றுநரும் தன்னைப் பார்க்க வேண்டும். பழகுபவர் தடுமாறும்போது கருவியைப் பறித்துத் தான் செய்தால், பழகியவர் பயிற்றுநர்தான். கையைப் பின்னே கட்டிக்கொண்டு, "அடுத்தது என்ன?" என்று கேட்பதே வேலை.

அன்றோடு பயிற்சி முடிவதில்லை. தேறாதவர்களைத் தனியே நிலையத்தில் விடாமல், பழகிய ஒருவருடன் நிறுத்த வேண்டும். தேறியவர்களையும் முதலாம் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் போய்ப் பார்க்க வேண்டும். அவர் அளந்த ஐந்து பேரின் பாலைப் பயிற்றுநரும் அளந்து, இரண்டு எண்ணையும் ஒப்பிட வேண்டும். ஒத்து வந்தால் மாதம் ஒருமுறை போதும். கொள்வனவுப் புத்தகத்தில் சூட்டுக்குரிய நிரல் வெறுமையாகக் கிடந்தாலோ, எல்லா வரியிலும் ஒரே எண் இருந்தாலோ, அளக்காமல் எழுதுகிறார் என்று விளங்கிக்கொள்ளலாம். அப்போது திட்டினால் போதாது, மறுபடி பால்மானியைக் கையில் கொடுக்க வேண்டும்.

திருப்பி அனுப்பப்பட்ட அந்தத் தாயிடம் சங்கத்தாரோடு நானும் போனேன். அடுத்த நாட் காலை அவருடைய கொட்டிலில், அவர் கறக்க, அந்தப் பிள்ளையே அளந்தார். ஆறவிட்டு அளந்தபோது 29 வந்தது. முதல் நாட் பாலின் பணத்தையும் சேர்த்துப் புத்தகத்தில் எழுதினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டும்படி அந்தத் தாய் கேட்டுக்கொண்டார். காட்டினோம்.